சம்பளச் சிட்டையில் ஒரு வரி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசிங்க. எங்கள் ஊரில் அரசாங்கச் சம்பளம் எடுக்காத ஆள் இல்லாத வீடு குறைவு. ஆசிரியர், ஆஸ்பத்திரி ஊழியர், மாநகர சபை ஊழியர், வங்கி உத்தியோகத்தர் என்று யாராவது ஒருவர் இருப்பார். அதனால் இது ஆசிரியர்களுக்கு மட்டும் எழுதுவது இல்லை.

போன மாதம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் தன் சம்பளச் சிட்டையை மேசையில் விரித்துவைத்து, "சேர், இந்த ரெண்டு வரியும் என்னெண்டு பாருங்க" என்றார். இடர்கடன் எடுப்பதற்காக, கையில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். சிட்டையில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம், அக்ரஹார, முத்திரை, கூட்டுறவுச் சங்கம் என்று வழக்கமான கழிவுகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே தொழிற்சங்கச் சந்தா என்று இரண்டு வரி. இரண்டும் வேறு வேறு சங்கம்.

ஒன்று அவருக்குத் தெரியும். இங்கே இடமாற்றம் கிடைத்து வந்த பிறகு அவரே விரும்பிச் சேர்ந்த சங்கம். மற்றது எது என்று யோசித்துப் பார்த்தார். முதல் நியமனம் கிடைத்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. தூரத்து மாவட்டம். ஒரு மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பேர். வங்கிக் கணக்குப் படிவம், காப்புறுதிப் படிவம் என்று ஒரு கட்டுத் தாளை வரிசையாக நீட்டினார்கள். "இதிலயும் ஒரு கையெழுத்து வையுங்க தங்கச்சி" என்று ஒருவர் சொன்னார். வைத்தார். வேலை கிடைத்த சந்தோசத்தில் எந்தப் பிள்ளை அதை வாசிக்கும்?

அந்தச் சங்கத்துக்கு மாதம் 150 ரூபாய் போயிருக்கிறது. ஆறு வருடம். 72 மாதத்தை 150ஆல் பெருக்கினால் 10,800 ரூபாய். அதில் நான்கு வருடம் அவர் அந்த மாவட்டத்திலேயே இல்லை. அந்தச் சங்கத்தின் ஒரு கூட்டத்துக்கும் அவர் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. எந்தச் சங்கம், எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. இது ஒரு சங்கத்தின் கதை இல்லை. தங்கள் சிட்டையை எடுத்துப் பார்த்தால் இன்னும் பல பேருக்கு இப்படி ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கழிவு எப்படி நடக்கிறது என்று முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் கையெழுத்து வைத்த படிவத்தைச் சங்கம் சம்பளம் போடும் அலுவலகத்துக்குக் கொடுக்கிறது. அங்கே எழுதுவினைஞர் அதை நம் பெயருக்கு எதிரே ஒரு கழிவாகப் பதிகிறார். ஒருதரம் பதிந்தால் போதும். யாராவது எடுக்கும் வரைக்கும் அது மாதாமாதம் தன்பாட்டில் ஓடும். மாத முடிவில் இப்படிக் கழித்த எல்லாருடைய காசையும் ஒன்றாகச் சேர்த்து, பெயர்ப்பட்டியலோடு அலுவலகம் சங்கத்துக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான். சங்கம் உங்களைத் தேடி வருவதில்லை. நீங்களும் சங்கத்தைத் தேடிப் போவதில்லை. காசு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

இதை எங்கள் பள்ளிவாசல் சந்தாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தாப் புத்தகத்தோடு ஒருவர் வாசலுக்கு வருவார். "இந்த மாசம் கஷ்டம், அடுத்த மாசம் சேர்த்துத் தாறன்" என்று சொல்லலாம். "போன வருசக் கணக்கு எங்க? கழுவுற இடத்துக்கு ரெண்டு வருசமா பைப் மாத்தல்லயே" என்று அவர் முகத்துக்கு நேரேயே கேட்கலாம். கேட்கிறோமே! வாங்க வருகிறவர் பதில் சொல்லியாக வேண்டும். அல்லது பதில் சொல்லக்கூடிய ஆளிடம் போய்ச் சொல்ல வேண்டும். சம்பளத்தில் வெட்டும் சந்தாவில் அந்த வாசல்படி இல்லை. அதுதான் பெரிய வித்தியாசம்.

அப்படியென்றால் சம்பளத்தில் வெட்டுவதையே நிறுத்த வேண்டுமா? நான் அப்படிச் சொல்லவில்லை. இதை நன்றாக வாசித்துவிட்டுத் திட்டுறவங்க திட்டுங்க.

நான் இள வயதில் ஒரு சங்கத்தின் கிளைக்குச் சந்தா சேர்த்தவன். பாடசாலை விட்டதும் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் போவேன். போனால் ஒரு சேர் லீவு. இன்னொருவரிடம் சில்லறை இல்லை. மற்றவர் "நாளைக்கு வாங்க தம்பி" என்பார். மாதம் முடியும்போது பாதிப் பேரின் காசுதான் சேர்ந்திருக்கும். சேர்ந்த காசும் சட்டைப் பையில் கிடந்து நம் செலவோடு கலந்துவிடும் பயம் இருந்தது. கையால் சேர்த்த காசில் கணக்குப் பிழைத்து மரியாதை கெட்டவர்களையும் கண்டிருக்கிறேன். சம்பளத்தில் வெட்டினால் ஒவ்வொரு சதத்துக்கும் அலுவலகத்தில் பதிவு இருக்கும். சங்கத்துக்கு நிரந்தர வருமானம் இருந்தால்தான் வழக்குப் பேசச் சட்டத்தரணி பிடிக்கலாம், கொழும்புக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகலாம். இது உண்மை.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. அதைச் சங்கங்களே மலைநாட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத் தொழிலாளரின் சந்தாவைத் தோட்டக் கம்பனிகள்தான் சம்பளத்திலிருந்து பிடித்துச் சங்கங்களுக்குக் கொடுத்து வந்தன. சங்கங்களும் கம்பனிகளும் கூட்டு ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்தைத் தீர்மானித்த காலம் அது. 2019 ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். 1000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை வருடக்கணக்காக இழுபட்டு, கடைசியில் 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலமாக 900 ரூபாய் அடிப்படையும் 100 ரூபாய் வரவுசெலவுத்திட்டக் கொடுப்பனவும் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. நீதிமன்றம் போயின. கூடவே, சங்கங்களுக்குச் சந்தா பிடித்துக் கொடுப்பதையும் நிறுத்தின.

நான் இதில் கவனிப்பது நேரத்தை. சம்பளத்துக்காகக் கடுமையாக மோதிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் சங்கங்களின் வருமானம் அடைபட்டது. அடைத்தது யார்? யாருக்கு எதிராகப் போராடினார்களோ அவர்கள்தான். ஏனென்றால் காசு அவர்களுடைய கையால்தான் வந்துகொண்டிருந்தது. பல வருடங்களாக லயத்துக்குப் போய்ச் சந்தா சேர்த்துப் பழகாத சங்கம் திடீரென்று ரசீதுப் புத்தகத்தோடு போனால் என்ன நடக்கும்? "இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

எங்களுக்கும் இதே நிலைமைதான். ஆசிரியரின் முதலாளி அரசாங்கம். சந்தாவை வெட்டிக் கொடுப்பதும் அரசாங்க அலுவலகம். அது ஒரு வசதி. அந்த வசதி இல்லாமலும் உயிரோடு இருக்கக்கூடிய சங்கம்தான் வேலைநிறுத்தம் என்று வந்தால் தாக்குப்பிடிக்கும்.

இனி ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி வரும் சண்டைக்கு வருகிறேன். டீச்சரின் சிட்டையைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த ஒரு சேர், "ரெண்டையும் வெட்டச் சொல்லுங்க. நான் ஒண்டிலயும் இல்ல. எனக்கு என்ன குறைஞ்சது?" என்றார். எங்கள் பகுதித் தலைவர் சேருக்குக் கோபம் வந்துவிட்டது. "2021ல நாங்க ஒன்லைன் படிப்பிக்காம நிண்டதாலதான் உங்களுக்கும் கூடினது. காசு குடுக்காம பலன் எடுக்கிறீங்க" என்றார்.

அவர் சொன்னது பிழையில்லை. 1997இலிருந்து இழுபட்ட அதிபர், ஆசிரியர் சம்பள முரண்பாட்டுக்காக 2021 ஜூலை 12இல் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்தன. அது ஒக்டோபர் வரைக்கும் போனது. அதன் பலனாக, சிபாரிசு செய்யப்பட்ட அதிகரிப்பில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியிலிருந்து கிடைத்தது. அது சங்கத்தில் இருந்தவருக்கும் கிடைத்தது, இல்லாதவருக்கும் கிடைத்தது. சந்தா கட்டியவருக்கு ஒரு சம்பளத்திட்டம், கட்டாதவருக்கு வேறு என்று இல்லை.

அப்படியானால் எல்லாரிடமும் கட்டாயமாக வாங்கலாமா? இதை அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். அங்கே வழக்குப் போட்டவர்களும் ஆசிரியர்கள்தான். டெட்ரொய்ட் நகரத்தில் சங்கத்தில் சேராத ஆசிரியரும் சந்தாவுக்குச் சமமான ஒரு கட்டணம் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 1977இல் உயர்நீதிமன்றம் ஒரு நடுவழி சொன்னது. சம்பளம் பேசுவதற்கான செலவில் பங்கு கேட்கலாம், ஆனால் அந்த ஆளுக்கு உடன்பாடில்லாத அரசியலுக்கு அவருடைய காசைச் செலவழிக்கக்கூடாது. கேட்க நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு டொலரில் எத்தனை சதம் பேச்சுவார்த்தைக்குப் போனது, எத்தனை சதம் அரசியலுக்குப் போனது என்று யார் பிரிப்பது? அரசாங்கத்திடம் ஆசிரியர் சம்பளம் கேட்பதே அரசியல்தானே. அந்தச் சண்டை 41 வருடம் இழுபட்டு, 2018இல் அதே நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் பழைய தீர்ப்பை மாற்றியது. அரச ஊழியர் தெளிவாகச் சம்மதம் சொல்லாமல் அவர் சம்பளத்திலிருந்து சங்கத்துக்கு ஒரு சதமும் எடுக்க முடியாது என்றது. அந்த வழக்குகளுக்குப் பின்னால் சங்கங்களைப் பலவீனப்படுத்த விரும்பிய பணக்கார அமைப்புகள் இருந்தன என்பதும் உண்மைதான். அதையும் சொல்லாமல் விடக்கூடாது. என்றாலும் சம்மதம் என்ற விஷயத்தில் அந்தத் தீர்ப்பு சொன்னது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. பக்கத்து நாடான இந்தியாவிலும் சட்டத்தில், தொழிலாளி எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தால்தான் சங்கச் சந்தாவைக் கழிக்கலாம் என்று இருக்கிறது.

எங்கள் நாட்டில் சேராத ஆசிரியரிடம் இப்படிக் கட்டாயக் கட்டணம் இல்லை. அது இருக்கவும் கூடாது என்பதுதான் என் கருத்து. தலைவர் சேருக்கு இது பிடிக்காது, தெரியும். ஆனால் அவரிடம் ஒன்று கேட்டேன். "சேர், மூன்று மாதம் போராடிய கையோடு அந்த ஆளிடம் போய், 'இவ்வளவு செய்தோம், சேருங்க' என்று யாராவது படிவம் நீட்டினீங்களா?" நீட்டவில்லை. சம்பளத்தில் வெட்டும் பட்டியல் இருக்கும்போது புது ஆளைத் தேடிப் போகும் பழக்கமே போய்விடுகிறது.

சட்டத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது? அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் ஒவ்வொரு பிரஜைக்கும் சுதந்திரம் தருகிறது. விலகுவதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. தனியார் துறையில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் தெளிவு உண்டு. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் கொண்டுவந்த திருத்தத்தில் 32அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு சங்கத்தில் சேர வேண்டும் என்றோ, சேரக்கூடாது என்றோ, விலக வேண்டும் என்றோ, விலகக்கூடாது என்றோ வேலைக்கு நிபந்தனையாக முதலாளி விதிக்க முடியாது. நான்கு பக்கத்தையும் அடைத்திருக்கிறார்கள். கல்முனையில் கடையிலோ தனியார் நிறுவனத்திலோ வேலை செய்யும் தம்பிமார் இதைத் தெரிந்துவைத்திருங்கள். "யூனியன் கீனியன் எண்டு போகமாட்டன்" என்று எழுதி வாங்கினால் அது சட்டவிரோதம். ஆனால் அந்தச் சட்டம் அரசாங்கம் முதலாளியாக இருக்கும் இடத்துக்குப் பொருந்தாது. அதனால் டீச்சர் அதைக் காட்டி வலயக் கல்வி அலுவலகத்தில் பேச முடியாது.

அவர் பேசப் போனபோது என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். இங்கேதான் நம் ஆட்கள் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். முதலில் கணக்குக் கிளைக்குப் போனார். "சங்கத்திட கடிதம் கொண்டு வாங்க, அப்பதான் வெட்டலாம்" என்றார்கள். சங்கத்தின் ஆளுக்குப் போன் எடுத்தார். "இந்த மாச லிஸ்ட் போயிட்டு, அடுத்த மாசம் பாப்பம்" என்றார். அடுத்த மாதம் போன் எடுக்கவில்லை. மறுபடி அலுவலகம், மறுபடி கடிதம் கேட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். கழிக்கச் சொன்ன அதிகாரம் யாருடையது? டீச்சரின் கையெழுத்து. சங்கம் கேட்டதற்காக அலுவலகம் கழிக்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்ததால் கழித்தது. அப்படியென்றால் அந்தக் கையெழுத்தை மீளப்பெறவும் அவருடைய கையெழுத்தே போதுமாக இருக்க வேண்டும். விலகப் போகிறவர், விலகப்படும் இடத்திலிருந்தே அனுமதிக் கடிதம் கொண்டுவர வேண்டும் என்றால் அது பூட்டிய கதவு. சாவி உள்ளே இருக்கிறது.

இதனால் இன்னொரு கேடும் வருகிறது. டீச்சரின் பெயர் இரண்டு சங்கத்தின் பட்டியலிலும் இருக்கிறது. "எங்களிடம் இத்தனை ஆயிரம் அங்கத்தவர்" என்று இரண்டு பேரும் மேடையில் சொல்லும்போது அவரை இரண்டு தரம் எண்ணுகிறார்கள். வேலைநிறுத்த நாளில் அந்த எண்ணிக்கையில் எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று பார்த்தால்தான் பட்டியலுக்கும் ஆட்களுக்கும் உள்ள தூரம் தெரியும்.

கடைசியில் நாங்கள் செய்தது இதுதான். ஒரு கடிதம் எழுதினோம். முழுப்பெயர், சம்பள இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பாடசாலை. "இன்ன சங்கத்துக்கு என் சம்பளத்திலிருந்து சந்தா கழிப்பதற்கு நான் வழங்கிய சம்மதத்தை இன்றைய திகதியிலிருந்து மீளப்பெறுகிறேன். அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து இக்கழிவை நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை. காரணம் எழுதினால் அதைப் பற்றி விவாதம் தொடங்கும். அதிபரூடாக ஒரு பிரதி வலயக் கணக்காளருக்கு. ஒரு பிரதி சங்கத்தின் கொழும்புத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில். அலுவலகத்தில் கொடுக்கும்போது நம் கையில் இருக்கும் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கினோம். இந்த முத்திரைதான் முக்கியம். அதற்குப் பிறகு "எங்களுக்குக் கிடைக்கல்ல" என்ற பேச்சு இல்லை. கூடவே முதலில் கையெழுத்து வைத்த படிவத்தின் பிரதியையும் கேட்டோம். அது கிடைக்கவில்லை.

10,800 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாமா என்று டீச்சரின் கணவர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். கையெழுத்து அவருடையதுதான். வாசிக்காமல் வைத்தது நம் பிழை. ஆனால் முத்திரை குத்திய திகதிக்குப் பிறகும் வெட்டினால் அந்த ஒவ்வொரு மாதத்துக் காசையும் விடாமல் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

மற்றச் சங்கத்தில் அவர் தொடர்ந்து இருக்கிறார். அதையும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சேர் சொன்னார், டீச்சர் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை கிளைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வருடாந்தக் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பதிவு செய்த ஒவ்வொரு தொழிற்சங்கமும் வருடாவருடம் தொழிற்சங்கப் பதிவாளருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது 1935ஆம் ஆண்டு தொழிற்சங்கக் கட்டளைச்சட்டத்திலேயே உள்ள விஷயம். பதிவாளருக்குக் காட்டும் கணக்கைச் சந்தா கட்டுகிறவருக்குக் காட்டுவதில் என்ன கஷ்டம்? அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

இந்த மாதச் சிட்டை இன்னும் வரவில்லை. வந்ததும் அந்த வரி போயிருக்கிறதா என்று கீழே கொமென்டில் போடுகிறேன். நீங்களும் உங்களுடைய சிட்டையை எடுத்துக் கழிவுப் பகுதியை ஒருதரம் மேலிருந்து கீழ் வாசிச்சுப் பாருங்க.